31 கில் எடுத்தும் தோற்ற மேட்ச்

கால் ஆஃப் டூட்டி என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம் ஆடும் ஓர் அணியில் அனலிஸ்டாக வேலை பார்க்கிறேன். மேட்ச் முடிந்ததும் வீரர்களின் கண் முதலில் போவது கே/டி மீதுதான். ஒருவர் எடுத்த கில்லை அவர் செத்த தடவைகளால் வகுத்தால் வருவது அது. 1-க்கு மேலே இருந்தால் தலை நிமிர்ந்து உட்காருவார்கள், கீழே இருந்தால் ஹெட்செட்டைக் கழற்றவே மாட்டார்கள். அந்த கேமில் உள்ள ஹார்ட்பாயிண்ட் என்ற ஆட்டத்தில் அந்த எண்ணை மட்டும் வைத்து யாரையும் எடைபோட நான் ஒத்துக்கொள்வதில்லை.

அந்த ஆட்டத்தில் வரைபடத்தில் ஓர் இடம்தான் ஒரு சமயத்தில் உயிரோடு இருக்கும். அதை ஹில் என்போம். ஓர் அணி மட்டும் உள்ளே நின்றால் நொடிக்கு ஒரு புள்ளி. இரண்டு அணியும் உள்ளே இருந்தால் யாருக்கும் எதுவும் கிடையாது. 60 நொடி கழிந்ததும் ஹில் வேறு இடத்துக்கு மாறும்; எங்கே மாறும் என்பது இரு அணிக்கும் முன்பே தெரியும். 250 புள்ளியை முதலில் தொடுபவர் ஜெயிப்பார். கில்லுக்கென்று தனியாகப் புள்ளி இல்லை.

ஒரு பயிற்சி மேட்ச். எங்கள் அணி எடுத்தது 98 கில், செத்தது 91 தடவை. ஆனால் 219-250 என்று தோற்றோம். எங்களில் ஒருவருக்கு 31 கில், 22 சாவு, அதாவது கே/டி 1.41. இன்னொருவருக்கு 19 கில், 25 சாவு, 0.76. மாலையில் பேச்சு எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வீடியோவில் மூன்றாவது ஹில்லின் கடைசி 12 நொடியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினேன். நம் 31 கில் ஆள் அங்கே மூன்று பேரை அடுத்தடுத்து வீழ்த்துகிறார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் செத்தவர்கள் சில நொடியில் மறுபடி பிறப்பார்கள். எங்கே பிறப்பார்கள் என்பதை, அந்தக் கணத்தில் இரு அணியினரும் எங்கெங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து ஆட்டமே தீர்மானிக்கிறது. மறுபடி பிறக்கும் இடத்தை ஸ்பான் என்போம்; அடுத்த ஹில் பக்கத்து ஸ்பானில் நம் ஆள் நின்றிருந்தால் அங்கே அவர்கள் பிறப்பது கஷ்டம். அன்று அங்கே யாரும் இல்லை. எங்கள் நால்வரும் நேரம் முடியப்போகிற ஹில்லில் கில் தேடிக்கொண்டிருந்தார்கள். வீழ்ந்த மூவரும் நேராக அடுத்த ஹில் வாசலில் வந்து இறங்கினார்கள். காசில்லாமல் டாக்சி பிடித்துக் கொடுத்த மாதிரி.

அடுத்த 60 நொடியில் அவர்களுக்கு 38 புள்ளி, நமக்கு 7. மீதி 15 நொடி இரு தரப்பும் உள்ளே நின்று வீணானது அல்லது ஹில் காலியாக இருந்தது. அதே நிமிடத்தில் கில் கணக்கு 9-7 என்று நமக்குச் சாதகம்! உள்ளே உட்கார்ந்திருப்பவரைத் துரத்திப் போய்ச் சுடும்போது அவர் பக்கத்து ஆள் நம்மைச் சுடுவார். அதற்குள் அவர்களுக்கு நொடிகள் ஓடிவிடும்.

0.76 ஆள் விஷயம் இதற்கு நேரெதிர். அவர்தான் பல ஹில்களுக்கு முன்னதாகத் தனியாகப் போய், ஸ்பானைக் காத்து நின்றவர். மறுபடி பிறந்தவர்கள் இரண்டு மூன்று பேராக வந்து மோதும்போது அவர் சாகத்தான் செய்வார். அதற்குள் மற்றவர்கள் ஹில்லுக்குள் வந்துவிட்டால் அந்தச் சாவு நல்ல விலைக்குப் போனது என்றே சொல்வேன்.

சரி, அப்படியானால் ஹில்லுக்குள் யார் எவ்வளவு நேரம் நின்றார் என்பதைப் பார்த்தால் போதுமே என்று ஒரு வீரர் கேட்டார். "கோச், என் ஹில் டைம்தானே எல்லாரையும் விட ஜாஸ்தி?" கோச் சிரித்துவிட்டு, "நீங்க உள்ளே நின்னப்போ வாசல்ல யாருப்பா நின்னாங்க?" என்றார். ஒருவர் நின்றாலும் இருவர் நின்றாலும் நொடிக்கு ஒரு புள்ளிதான். இரண்டாவது ஆள் உள்ளே நிற்பதால் புள்ளி கூடாது, அவருடைய ஹில் டைம்தான் கூடும். ஸ்பானைக் காப்பவருக்கோ அந்தக் கணக்கில் சுழியம்.

இப்போது ஒவ்வொரு கில்லுக்கும் என் ஷீட்டில் இரண்டு குறிப்பு போடுகிறேன்: அப்போது ஹில்லில் மீதி எத்தனை நொடி, செத்தவர் அடுத்து எங்கே பிறந்தார். இரண்டாவதுதான் தொல்லை. எல்லாப் பிறப்பையும் ஒரே வீரரின் திரையில் பார்க்க முடியாது, நான்கு வீடியோவையும் ஓடவிட்டுத்தான் தேட வேண்டும். எதிரணி பலவீனமாக இருந்தால் நாம் அடுத்த ஹில்லுக்குத் தாமதமாக ரொட்டேட் செய்தாலும் ஹில் கிடைத்துவிடும், குறிப்புகளும் நன்றாகவே தெரியும். அதனால் அப்படிப்பட்ட மேட்ச்களைத் தனித் தாளில் வைத்திருக்கிறேன்.