அரையாண்டுக் கணக்குத் தாளும் தலைமையாசிரியருக்கு எழுதிய கடிதமும்

அரையாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் மகள் கணக்குத் தாளைக் கொண்டுவந்து கையெழுத்துக்காக என் முன்னால் வைத்தாள். நூற்றுக்கு 71. பத்தாம் வகுப்பு. காலாண்டில் 84 வாங்கியவள். ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். அழுதிருக்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

நான் நீடாமங்கலம் பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் கூட்டிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. முகப்பில் போட்டிருந்த கூட்டல் சரியாகத்தான் இருந்தது. உள்ளே ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு போனபோது இரண்டு இடங்களில் நின்றேன்.

முதலாவது, 33-ஆம் வினா. 300-க்கும் 600-க்கும் இடையே 7-ஆல் வகுபடும் எண்களின் கூடுதல் என்ன என்ற ஐந்து மதிப்பெண் கணக்கு. கூட்டுத்தொடர்வரிசைச் சூத்திரத்தில் போடுவதுதான் வகுப்பில் சொல்லித்தந்த வழி. முதல் எண் 301, கடைசி எண் 595, மொத்தம் 43 எண்கள். விடை 19,264. இவள் அப்படிப் போடவில்லை. எல்லா எண்ணிலும் 7 இருக்கிறதே என்று அதை வெளியே எடுத்துவிட்டாள். மிச்சம் 43 முதல் 85 வரை கூட்ட வேண்டும். 1 முதல் 85 வரை கூட்டினால் 3,655. அதில் 1 முதல் 42 வரையுள்ள 903-ஐக் கழித்தால் 2,752. அதை 7-ஆல் பெருக்கினால் அதே 19,264. விடையைப் பெட்டி போட்டுக் காட்டியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் ‘சூத்திரம்?’ என்று எழுதி, ஐந்துக்கு ஒன்று போட்டிருந்தது.

இரண்டாவது, 24-ஆம் வினா. இரண்டு மதிப்பெண். முதலில் விட்டுவிட்டுக் கடைசியில் கூடுதல் தாள் வாங்கி எழுதியிருக்கிறாள். அந்தத் தாளின் முன்பக்கம் திருத்தியிருக்கிறது. பின்பக்கத்தில் இருந்த இந்த விடையில் சரியும் இல்லை, தவறும் இல்லை. பேனாவே படவில்லை. நூலில் கட்டிய தாளின் பின்பக்கத்தைப் புரட்டாமல் விட்டால் இப்படித்தான் ஆகும்.

‘அரையாண்டுதானே, விடு’ என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. 2020-இல் என் பெரியவன் பத்தாவது. கொரோனாவில் பொதுத்தேர்வை ரத்து செய்தபோது, காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம் என்று கணக்கிட்டுத்தான் சான்றிதழே கொடுத்தார்கள். அன்றைக்கு எத்தனையோ வீடுகளில் ‘அரையாண்டுதானே’ என்று விட்டதற்காக வருத்தப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். அது போகட்டும், சரியாகப் போட்ட கணக்குக்கு ஒரு மார்க் வாங்கிய பெண், அடுத்த தடவை சொந்தமாக யோசிக்கவே பயப்படுவாள். எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

தாளை மறுநாளே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால், அன்று இரவே முகப்பு, 33-ஆம் வினா உள்ள பக்கம், கூடுதல் தாளின் இரண்டு பக்கம் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். இதை முதலில் செய்தது நல்லதாகப் போயிற்று. தாள் கட்டுக்குள் போய்விட்டால் பிறகு நாம் ஞாபகத்தில் இருந்துதான் பேச வேண்டும்.

பொங்கல் முடிந்து பள்ளிக்குப் போய் முதலில் கணக்கு டீச்சரையே பார்த்தேன். பத்து நிமிடம் பேசினோம். ‘சூத்திரம் எழுதாத எல்லாருக்கும் இப்படித்தான் போட்டிருக்கிறேன், பப்ளிக்ல சூத்திரத்துக்குத் தனி மார்க் உண்டு’ என்றார். கூடுதல் தாளைப் பற்றிக் கேட்டதற்கு, ‘கட்டைப் பிரிக்க முடியாதுங்க’ என்றார். அதற்கு மேல் அங்கே நின்று பேசினால் வாக்குவாதமாகிவிடும் என்று வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி கோபத்தில் மூன்று பக்கம் கடிதம் எழுதினேன். பாரபட்சம், அநீதி, பிஞ்சு மனம் என்று என்னென்னவோ எழுதியிருந்தேன். அதில் ஒரு பத்தி, அந்த டீச்சரிடம் டியூஷன் போகும் பக்கத்து பெஞ்சுப் பெண்ணுக்கு அதே 33-ஆம் வினாவில் ஐந்துக்கு ஐந்து கிடைத்திருக்கிறது என்பது. வரைபட வினாவில் எட்டுக்கு ஏழு போட்டதையும் விடவில்லை.

காலையில் திருவையாற்றுப் பெரியப்பாவுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். அவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு வருஷா வருஷம் போனவர். முழுவதும் கேட்டுவிட்டு, ‘ஏம்மா, இதுல கணக்கு எங்க இருக்கு?’ என்றார். உண்மைதான். 19,264 என்ற எண் அந்த மூன்று பக்கத்தில் ஒரு இடத்தில்கூட இல்லை.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார். பொதுத்தேர்வுக் கணித விடைக்குறிப்பின் தொடக்கத்தில் திருத்துபவருக்குச் சில பொதுக் குறிப்புகள் கொடுத்திருப்பார்கள். விடைக்குறிப்பில் உள்ளதற்கு மாறான வழியில் சரியாகச் செய்திருந்தாலும் முழு மதிப்பெண் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. தீர்வு முழுக்கச் சரியாக இருந்தால் நேராக முழு மதிப்பெண். படிநிலைக்கு இத்தனை என்று பிரித்துப் போடுவது தீர்வில் ஒரு பகுதி தவறாகும்போதுதான். ‘இந்த ஒன்றை எழுது, போதும்’ என்றார். வரைபட வினாவை எடுத்துவிடச் சொன்னார். அவள் அளவுத்திட்டம் குறிக்கவில்லை, அதற்கு ஒன்று குறைத்தது நியாயம். நியாயமில்லாத ஒன்றைச் சேர்த்தால் மற்ற இரண்டையும் அதன் கூடவே தள்ளிவிடுவார்கள்.

டியூஷன் பத்திதான் எனக்கு எடுக்க மனசு வரவில்லை. என் வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் எடுத்தேன். கொள்முதல் நிலையத்தில் நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று மூட்டையைத் தள்ளினால், ‘இன்னொரு பிடி எடுத்து மெஷின்ல வைச்சுப் பாருங்க’ என்றுதான் இவர் கேட்பார். ‘அடுத்தவன் நெல்லை எப்படி எடுத்தீங்கன்னு ஆரம்பிச்சா, நம்ம மூட்டை வெயில்லயே கிடக்கும்’ என்றார். பிறகு விசாரித்ததில் அந்தப் பெண் சூத்திரம் எழுதித்தான் போட்டிருக்கிறாள். அவளுக்குக் கிடைத்த ஐந்தும் முறையானது. அந்தப் பத்தி மட்டும் போயிருந்தால் ஒரு குழந்தையின் மேலும் ஒரு ஆசிரியர் மேலும் பழி போட்டவளாகியிருப்பேன்.

கடைசியில் கொடுத்த கடிதம் ஒரு பக்கத்துக்குள் முடிந்தது. அனுப்புநர், பெறுநர் போக, இதுதான் அதன் உடல்:

‘பொருள்: பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு – கணித விடைத்தாள் – இரு வினாக்களை மீண்டும் பார்வையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு பயிலும் என் மகளின் கணித விடைத்தாளில் இரண்டு இடங்களை மட்டும் மீண்டும் பார்க்க வேண்டுகிறேன்.

வினா எண் 33: வழங்கப்பட்டது 5-க்கு 1. மாணவி 7-ஐப் பொதுக்காரணியாக எடுத்து, 43 முதல் 85 வரையிலான எண்களின் கூடுதலைக் கண்டு, 19,264 என்ற சரியான விடையைப் பெற்றுள்ளார். படிகள் அனைத்தும் எழுதப்பட்டுள்ளன. மாற்று வழியில் சரியாகச் செய்த விடைக்கும் முழு மதிப்பெண் தரலாம் என்பது பொதுத்தேர்வில் பின்பற்றப்படும் முறை என்பதால், இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

வினா எண் 24: விடை கூடுதல் தாளின் பின்பக்கத்தில் உள்ளது. திருத்தப்பட்டதற்கான குறி எதுவும் இல்லை. இதைத் திருத்தி, உரிய மதிப்பெண் தர வேண்டுகிறேன்.

இது குறித்துப் பாட ஆசிரியரை நேரில் சந்தித்துப் பேசியுள்ளேன். மறுபார்வையின் முடிவு எதுவாயினும் காரணத்துடன் தெரிவித்தால் மகளுக்கு எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும்.

இணைப்பு: விடைத்தாள் பக்கங்களின் படநகல் – 4.’

டீச்சரின் பெயர் கடிதத்தில் இல்லை. இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியுடன் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் வாங்கினேன். எழுத்தர் கொஞ்சம் தயங்கினார். ‘என் ஃபைலுக்குத்தான் சார்’ என்றதும் போட்டுக் கொடுத்தார். பதில் வராமல் போயிருந்தால் அடுத்து மாவட்டக் கல்வி அலுவலருக்குத்தான் எழுத வேண்டும். அங்கே முதலில் கேட்பது, பள்ளியில் எப்போது கொடுத்தீர்கள் என்பதைத்தான்.

உண்மையைச் சொன்னால், கொடுத்துவிட்டு வந்த இரவு தூக்கமே இல்லை. பிள்ளையை வகுப்பில் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம் எல்லாத் தாய் தகப்பனுக்கும் உள்ளதுதான். பெரியப்பா இதற்கும் ஒன்று சொன்னார். பத்தாம் வகுப்பு அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு. கணக்கில் அப்படி எதுவும் இல்லை. நூறும் எழுத்துத் தேர்வுதான். பொதுத்தேர்வுத் தாளைத் திருத்துவது முகாமில் வேறு ஆசிரியர்கள், பெயரும் தெரியாது. அதைக் கேட்ட பிறகு கொஞ்சம் நிம்மதி வந்தது. ஆனாலும் அந்த ஒரு வாரம் டீச்சர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று மகள் சொன்னபோது வயிற்றைப் பிசைந்தது.

நான்காம் நாள் தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். பள்ளியின் இன்னொரு கணக்கு ஆசிரியரிடம் தாளைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். 33-க்கு ஐந்தும் போட்டிருந்தது. 24-இல் கடைசி வரியில் அலகு எழுதாததால் இரண்டுக்கு ஒன்று. 71 என்பது 76 ஆயிற்று. முகப்பில் பழைய எண்ணை அடித்து, புதியதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு, மதிப்பெண் பதிவேட்டிலும் என் கண் முன்னாலேயே மாற்றினார். கணக்கு டீச்சரும் அங்கேதான் இருந்தார். ‘பின்பக்கத்தைப் பார்க்காம விட்டது என் தப்புதான்’ என்றார். ‘ஆனா சூத்திரத்தை மேல ஒரு வரி எழுதிட்டுப் போடச் சொல்லுங்க. முகாம்ல அவசரத்துல திருத்துறவங்க கண்ணுக்கு அதுதான் முதல்ல படும்’ என்றும் சொன்னார். அந்த இரண்டாவது பேச்சை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. திருத்துபவரின் கை எப்படி ஓடும் என்பது அவருக்குத் தெரியும்.

மகளிடம் 24-இல் ஒன்று ஏன் போயிற்று என்பதைக் காட்டினேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘ச.செ.மீ போடல’ என்று அவளே சொன்னாள். முதல் திருப்புதல் தேர்வில் கூடுதல் தாள் வாங்கியபோது, முன்பக்கத்தின் அடியில் ‘பின்பக்கம் பார்க்கவும், வினா 21’ என்று எழுதிக் கோடு போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.