பத்து விநாடியில் அழிந்ததா?

“என்னங்க, பத்து செகண்டுலயே முடிஞ்சிடுச்சு? அந்த மெஷினுக்கெல்லாம் ஒன்றரை மணி நேரம் ஆச்சே?” என்றார் நிர்வாக மேலாளர். நியாயமான கேள்விதான். விற்கவிருந்த அலுவலக லேப்டாப்களில் இருந்த தரவை அழித்துக்கொண்டிருந்தேன். பழையவற்றில் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், புதியவற்றில் எஸ்எஸ்டி. அழித்ததற்கு நான் கையெழுத்திடும் படிவத்திலோ இரண்டுக்கும் பொதுவாக “மூன்று முறை மேலெழுதப்பட்டது” என்று ஒரே கட்டம்.

ஹார்ட் டிஸ்க்கில் முழுப் பரப்பிலும் ஒருமுறை பூஜ்யம் எழுதினாலே போதும், மூன்று முறை என்பது பழைய காலத்துப் பயம். எழுதியபின் படித்துப் பார்த்தால், எழுதிய அதே இடத்தைத்தான் படிக்கிறோம். பழுதாகி ஒதுக்கப்பட்ட ஒருசில செக்டர்கள் மட்டும் கைக்கு எட்டாது.

எஸ்எஸ்டியில் அப்படி இல்லை. நாம் மேலெழுதுவதாக நினைப்பதை, டிரைவுக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் கன்ட்ரோலர் வேறொரு காலி இடத்தில் எழுதிவிட்டு, பழையதைச் செல்லாது என்று குறித்துக்கொள்ளும். அதை எப்போது அழிப்பது என்பது அதன் இஷ்டம். தனக்கென்று ஒளித்து வைத்திருக்கும் இடமும் உண்டு. மூன்று முறை எழுதினால் ஆயுள் தேயும், நிச்சயம் கிடைக்காது. அதனால் லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து, அழிக்கும் வேலையை கன்ட்ரோலரிடமே கொடுத்தேன்:

```
nvme format /dev/nvme0n1 --ses=1
```

பத்து விநாடியில் முடிந்தது. படித்துப் பார்த்தேன், எல்லாம் பூஜ்யம். ஆனால் பூஜ்யம் என்று பதில் சொல்வதும் அதே கன்ட்ரோலர்தானே! பட்டாவை ரத்து செய்துவிட்டு நிலத்தில் ஆளே இல்லை என்று சொல்கிறதோ, யார் கண்டது. 2011இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் சிப்களையே நேரடியாகப் படித்துச் சோதித்தபோது, ஒரு டிரைவ் அழித்துவிட்டேன் என்று சொல்லியும் தரவு அப்படியே இருந்திருக்கிறது. அதெல்லாம் பழைய டிரைவ்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதைவிட நான் நம்பியது, டிரைவில் எழுதுவதையெல்லாம் சாவி போட்டுப் பூட்டி எழுதும் விண்டோஸின் பிட்லாக்கரை. முதல் நாளிலிருந்தே அது ஓடிய டிரைவில் ஏதாவது மிஞ்சினாலும் சாவியில்லாத குப்பைதான். கணக்குப் பிரிவு லேப்டாப் ஒன்றில் மட்டும் அதை நடுவில்தான் ஆன் செய்திருந்தார்கள். அதற்கு முன் எழுதியது எங்கேனும் ஒரு மூலையில் வெறும் எழுத்தாகவே கிடக்கலாம். அந்த எஸ்எஸ்டியை மட்டும் கழற்றிக்கொண்டேன்.

“மத்ததுல கமாண்டை நம்பினீங்க. இதுல ஏன் நம்பல?” என்றார் மேலாளர்.

மற்றவற்றில் பிட்லாக்கரும் இருந்தது சார் என்றேன். சரியான பதில்தான். ஆனால் அப்புறம் யோசித்தால், என் கையெழுத்துக்கு மேலே நான் அடித்துத் திருத்தி எழுதியது “கன்ட்ரோலர் கட்டளையால் அழிக்கப்பட்டது” என்றுதான், பிட்லாக்கரைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. படிவத்தில் அதற்கு இடமும் இல்லை. படிவத்தில் இருந்ததுபோல மூன்று முறை எழுதியிருந்தால் மேலாளருக்காவது திருப்தியாக இருந்திருக்கும். அதற்காக வீண் என்று தெரிந்த வேலையைச் செய்வதா? கழற்றிய எஸ்எஸ்டியின் சிப்களை உடைக்க இன்னும் அனுமதி வரவில்லை. விலை போகும் பொருளாம்.