840 பேர் பதிவு செய்தால்தான் 150 பேர் மிஞ்சுவார்கள்

மாடித்தோட்டத்துக்கு விதை விற்கும் அக்கா ஒருவருக்கு ஆன்லைன் வகுப்புகளின் டெக்னிக்கல் வேலையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இலவச வகுப்பு, ஒரு மணி நேரம். 50-வது நிமிடத்தில் அக்கா விதைப் பெட்டியைக் காட்டி விலை சொல்வார். அந்த நேரத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் எங்களுக்கு முக்கியம்.

முதல் வகுப்பை ஜூமில் சாதாரண மீட்டிங்காகவே நடத்தினேன். 260 பேர் பதிவு. பாதிப் பேர்கூட வரமாட்டார்கள், 100 பேர் வரம்பு போதும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். பத்தாவது நிமிடத்தில் அக்காவின் போன் அடிக்க ஆரம்பித்தது. "உள்ளேயே விடமாட்டேங்குதே" என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். மீட்டிங்கின் அந்த 100-இல் நடத்துகிறவர்களும் அடக்கம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. நாங்கள் மூன்று பேர், ஆக வெளியாட்களுக்கு 97 இடம்தான்.

அடுத்த தடவை 50-வது நிமிடத்தில் 150 பேர் இருக்க வேண்டும் என்றார் அக்கா. சரி, பின்னாலிருந்து கணக்குப் போடலாம் என்று முதல் வகுப்புக்கு யார் எப்போது வந்தார்கள், போனார்கள் என்று ஜூம் தரும் ரிப்போர்ட்டை எக்செலில் திறந்தேன். ஒருவர் நெட் போய்த் திரும்பி வந்தால் அது இரண்டு வரியாக விழும், அதனால் வரிகளை எண்ணினால் கூட்டம் பெரிதாகத் தெரியும். மொத்தம் எத்தனை பேர் என்பதற்கு மெயில் ஐடியை வைத்து இரட்டிப்பை நீக்கினேன். எந்த நிமிடத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்கு, சேர்ந்த நேரம் C-யிலும் போன நேரம் D-யிலும் இருக்க, H1-இல் வேண்டிய தேதி, நேரத்தைப் போட்டு இதைக் கொடுத்தேன்:

```
=COUNTIFS(C:C,"<="&H1,D:D,">"&H1)
```

எங்கள் மூவரைக் கழித்தால் மொத்தம் வந்தவர்கள் 109, ஒரே நேரத்தில் உச்சமாக இருந்தவர்கள் 97, 50-வது நிமிடத்தில் 61. இந்த மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டால் கணக்கு போச்சு. பிளாட்பாரத்தின் வரம்பு பார்ப்பது உச்சத்தை, பதிவோடு ஒப்பிட வேண்டியது மொத்தம் வந்தவர்களை, விற்பனைக்கு உதவுவது கடைசி எண். இன்னொன்று, வாசலில் திரும்பிப் போனவர்கள் அந்த ரிப்போர்ட்டில் இல்லவே இல்லை. அதனால் 260-க்கு 109, அதாவது 42 சதவீதம் என்பது குறைந்தபட்சம்தான்.

உச்சத்தில் 60 சதவீதம் பேர் 50-வது நிமிடம் வரை தங்குவார்கள் என்று வைத்தேன், அப்போது உச்சம் 250 வேண்டும். சிலர் தாமதமாக வருவார்கள், சிலர் அதற்குள் கிளம்பிவிடுவார்கள், ஆகவே உச்சம் என்பது மொத்தம் வந்தவர்களில் 85 சதவீதம் என்று வைத்தால் 294 பேர் வர வேண்டும். இந்த முறை பதிவை இரண்டு வாரம் முன்னாலேயே திறப்பதால் வருகையை 35 சதவீதமாகக் குறைத்துக்கொண்டேன். 294-ஐ 0.35-ஆல் வகுத்தால் 840 பதிவு.

அப்புறம் தலைகீழாக ஒரு பயம்: எல்லோரும் ஆர்வமாக வந்துவிட்டால்? 60 சதவீதம் வந்தாலும் 504 பேர், உச்சம் 430-க்குள் நிற்கும். ஆகவே 500 பேருக்கான வெபினார் திட்டத்தை ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்கினோம். "840 பேருக்கு 500 இடமா?" என்று அக்கா இரண்டு தடவை கேட்டார். வெபினாரில் வரம்பு ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்களுக்குத்தான், பதிவு அதைத் தாண்டலாம் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கடைசியில் 871 பதிவு, வந்தவர்கள் 283, உச்சம் 236, 50-வது நிமிடத்தில் 148. இரண்டு பேர் குறைவு, பரவாயில்லை. ஆனால் பதிவுத் தேதியை வைத்துப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. கடைசி மூன்று நாளில் பதிந்த 310 பேரில் 146 பேர் வந்திருக்கிறார்கள், அதற்கு முன் பதிந்த 561 பேரில் வெறும் 137. ஏறத்தாழ பாதிக்குப் பாதி ஒரு பக்கம், நாலில் ஒருவர் இன்னொரு பக்கம். என்னுடைய 35 சதவீதம் இரண்டுக்கும் நடுவில் தற்செயலாக விழுந்த எண். கடைசி மூன்று நாள் கூட்டமாகவே எல்லாம் கிடைத்திருந்தால் 630 பதிவு போதும்.

போன நேரங்களை வரிசைப்படுத்தியபோது இன்னொன்றும் தெரிந்தது. 31-வது நிமிடத்தில் அக்கா, "ரெக்கார்டிங் எல்லாருக்கும் அனுப்பிடுறேன், கவலைப்படாதீங்க" என்றார். அடுத்த இரண்டே நிமிடத்தில் 19 பேர் வெளியேறியிருக்கிறார்கள். அடுத்த வகுப்பில் ரெக்கார்டிங் பற்றிப் பெட்டியைக் காட்டிய பிறகுதான் பேசுவது என்று முடிவு. பதிவும் ஐந்து நாள் முன்னால்தான் திறக்கப்போகிறோம்.