கூப்பன் கோடும் எங்கள் பிஓவும்: டெக் டெப்ட் டிக்கெட் ஸ்பிரிண்டுக்குள் வந்த கதை

எங்கள் பேக்லாகில் `Refactor DiscountService` என்று ஒரு டிக்கெட், நான் டீமில் சேர்வதற்கு முன்பிருந்தே கிடந்தது. விவரத்தில் ஒரே வரி: கோட் ரொம்ப மோசம், பிரித்து எழுத வேண்டும். ரிஃபைன்மெண்டில் யாராவது அதை எடுப்பார்கள், பிராடக்ட் ஓனரான எங்கள் பிஓ "இதைச் செஞ்சா கஸ்டமருக்கு என்ன மாறும்?" என்று கேட்பார், "ஒண்ணும் மாறாதுங்க, அதனாலதான் இதுக்குப் பேர் ரிஃபாக்டரிங்" என்று எங்கள் பக்கம் பதில் போகும், டிக்கெட் திரும்பவும் அடிக்குப் போய்விடும். பிஓவைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்த ஆஃபர் எந்தத் தேதியில் லைவ் ஆகும் என்று பிசினஸ் ஆட்களிடம் பதில் சொல்ல வேண்டியவர் அவர், அந்தக் கூட்டத்தில் போய் "இந்த முறை கோடைச் சுத்தம் பண்ணினோம்" என்று சொன்னால் அவர் பாடு என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

பின்னணி இதுதான். மளிகைச் சாமான் வீட்டுக்குக் கொண்டு கொடுக்கும் ஆப், சென்னையில் டீம், ஜாவாவில் ஆர்டர் சர்வீஸ். அதில் `DiscountService.java` என்ற ஒரே ஃபைலில் கூப்பன், வாலட், டெலிவரி கட்டணம், ஜிஎஸ்டி நான்கும் கலந்து கிடக்கும். கூப்பன் என்பது விலைக் குறைப்பு, பில்லில் காட்டி அதைக் கழித்த பிறகுதான் வரி போட வேண்டும். வாலட் அப்படியில்லை, அது பணம் கட்டும் ஒரு வழி, வரியெல்லாம் போட்டு முடித்த பிறகு கழிய வேண்டியது. எங்கள் கோடில் இரண்டும் ஒரே மெத்தடில், நடுவில் நாலைந்து பூலியன் வைத்துப் பிரிக்கப்பட்டிருந்தன. கூப்பனில் ஒரு விதியைத் தொட்டால் வாலட் உடைவது இதனால்தான்.

"கோட் மோசம்" என்பது எங்கள் அபிப்பிராயம், அதை வைத்து பிஓ ஒரு முடிவும் எடுக்க முடியாது. அதனால் எந்த ஃபைல் உண்மையில் அடிக்கடி தொடப்படுகிறது என்று முதலில் கிட்டிலிருந்து எடுத்தேன்:

```
git log --since="6 months ago" --name-only --pretty=format: \
  | grep . | sort | uniq -c | sort -rn | head -20
```

இதை அப்படியே நம்பிவிடக் கூடாது. மேலே வருகிறவற்றில் `pom.xml`, மொழி ஃபைல்கள் மாதிரியானவை நிறைய இருக்கும், அவை மாறுவது இயல்பு, அதில் டெக் டெப்ட் ஒன்றும் இல்லை. யாராவது ஒரு நாள் ஃபார்மேட்டரை மொத்த ரெப்போவிலும் ஓட்டியிருந்தால் அந்த ஒரு கமிட்டே எல்லா ஃபைலுக்கும் ஒரு எண்ணிக்கையைக் கூட்டிவிடும். அதையெல்லாம் தள்ளிப் பார்த்தபோதும் `DiscountService` முதல் மூன்றுக்குள் நின்றது. ஆனால் அடிக்கடி மாறுவது மட்டும் குற்றமல்ல, ஆஃபர் அடிக்கடி வந்தால் ஆஃபர் கோடும் மாறத்தான் செய்யும். மாறும்போது என்ன விலை கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. எங்கள் கமிட் மெசேஜில் ஜிரா எண் போடும் பழக்கம் இருந்ததால் அடுத்த படி சுலபமாக இருந்தது:

```
git log --since="6 months ago" --pretty=%s \
  -- '*DiscountService.java' \
  | grep -oE 'ORD-[0-9]+' | sort -u
```

வந்த எண்களை ஜிராவில் `key in (...)` என்று போட்டுத் தேடினால் அந்த ஃபைலைத் தொட்ட டிக்கெட்டுகள் மட்டும் கிடைக்கும். 14 டிக்கெட். அதில் 5 பக், அந்த ஐந்தில் மூன்று, ஒரு கூப்பன் வேலை ரிலீஸ் ஆன கொஞ்ச நாளிலேயே வாலட்டிலோ ரீஃபண்டிலோ வெடித்தவை. மீதி ஃபீச்சர் டிக்கெட்டுகளை, அதே ஸ்டோரி பாயிண்ட் கொடுத்த வேறு பகுதி டிக்கெட்டுகளோடு ஒப்பிட்டேன். மற்ற இடங்களில் 3 பாயிண்ட் என்றால் ரெண்டு மூணு நாளில் முடிந்திருந்தது, இங்கே அதே 3 பாயிண்ட் ஒரு வாரத்தைத் தாண்டியிருந்தது. இந்த ஒப்பீட்டில் ஒரு எச்சரிக்கை: ஜிராவில் `In Progress` என்று இருந்த நேரமெல்லாம் வேலை நேரம் இல்லை. பிசினஸ் பதிலுக்காகக் காத்திருந்த நாட்களும் அதில் சேர்ந்திருக்கும். கமெண்ட்களைப் படித்து அவற்றைக் கழித்துவிட்டுத்தான் எண்களை பிஓவிடம் கொண்டுபோனேன். கழிக்காமல் போயிருந்தால் முதல் டிக்கெட்டிலேயே "இது நான் பதில் சொல்ல லேட் ஆனது" என்று அவர் கண்டுபிடித்திருப்பார், அதோடு மிச்ச எண்களுக்கும் மதிப்புப் போயிருக்கும்.

உண்மையில் அவரை நிமிர்ந்து உட்கார வைத்தது இந்த ஒப்பீடு அல்ல, பக் பட்டியலில் இருந்த ஒரு சின்ன விஷயம். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

ஒரே வரி விகிதம் உள்ள மூன்று பொருள், ஒவ்வொன்றும் ₹200. மொத்தம் ₹600, கூப்பன் ₹100, கஸ்டமர் கட்டியது ₹500. பொருளுக்குப் பொருள் வரி மாறும் என்பதால் கூப்பன் தொகையை ஒவ்வொரு பொருளுக்கும் பிரித்தே ஆக வேண்டும். பிரித்தால் 33.33 வீதம், மூன்றும் சேர்ந்தால் 99.99. ஒரு பைசா எங்கேயும் சேராமல் நிற்கிறது. இப்போது கஸ்டமர் மூன்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்புகிறார். ஒவ்வொன்றுக்கும் ரீஃபண்ட் 166.67, மூன்று முறை போட்டால் ₹500.01. கட்டியதைவிட ஒரு பைசா அதிகம், அதனால் பேமெண்ட் கேட்வே மூன்றாவது ரீஃபண்டை ஏற்காது. டெலிவரி கட்டணம் கட்டிய ஆர்டரில் மொத்தத் தொகை பெரிது என்பதால் இது வெளியே தெரியாது, இலவச டெலிவரி ஆர்டரில் மட்டும்தான் மாட்டும். அதனாலேயே பல நாள் யாருக்கும் பிடிபடவில்லை. சப்போர்ட்டில் இருப்பவர்கள் அதைக் கையால் சரிசெய்து கொண்டிருந்தார்கள், "ரீஃபண்ட் ஸ்டக்" என்று அவர்கள் அனுப்பும் மெயில் பிஓவுக்கும் போய்க்கொண்டிருந்தது.

"அந்த ரீஃபண்ட் மெயிலும் இந்த ஃபைலும் ஒண்ணா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்போ அதை மட்டும் சரி பண்ணிடலாமே?" நியாயமான கேள்வி. கடைசிப் பொருளுக்கு மிச்சத் தொகையைப் போட்டுவிடு என்பது நாலு வரி வேலைதான். ஆனால் பிரிக்கிற கணக்கு அந்த ஃபைலில் மூன்று இடத்தில் நகல் எடுக்கப்பட்டிருந்தது: ஆர்டர் போடும்போது ஒன்று, இன்வாய்ஸுக்கு ஒன்று, ரீஃபண்டுக்கு ஒன்று. ஒன்றைத் திருத்தி மற்றதை விட்டால் இன்வாய்ஸும் ரீஃபண்டும் வேறு வேறு தொகை காட்டும். மூன்றையும் திருத்தலாம், ஆனால் அதைச் சோதிக்க ஒரு டெஸ்ட்கூட அங்கே இல்லை. மூன்று இடத்தையும் ஸ்க்ரீனில் பக்கத்துப் பக்கத்தில் திறந்து காட்டினேன். கோட் படிக்கத் தெரியாதவருக்கும் ஒரே மாதிரி மூன்று கட்டம் இருப்பது கண்ணில் படும்.

அப்புறம் பழைய டிக்கெட்டை மூடிவிட்டுப் புதிதாக எழுதினோம். தலைப்பில் ரிஃபாக்டர் என்ற சொல்லே இல்லை, கூப்பன் விதியை மாற்றினால் வாலட்டும் ரீஃபண்டும் மாறாதபடி பிரிப்பது என்று போட்டோம். எல்லை கறாராக இருந்தது: கூப்பன் கணக்கு மட்டும் தனி கிளாஸுக்குப் போகும், பிரிக்கிற கணக்கு ஒரே இடத்துக்கு வரும், டெலிவரி கட்டணத்தைத் தொடமாட்டோம். ஏற்பு நிபந்தனையும் பிஓவுக்குப் புரிகிற மாதிரிதான்: கடந்த மாத ஆர்டர்களை, கஸ்டமர் விவரம் நீக்கிவிட்டு, பழைய கோடிலும் புதிய கோடிலும் ஓட்டினால் ஒரு பைசாகூட வித்தியாசம் வரக் கூடாது. அந்த 99.99 உட்பட! பழைய தப்பும் அப்படியே வர வேண்டும், அதைத் திருத்துவது அடுத்த தனி டிக்கெட். மிச்சப் பைசா எந்தப் பொருளுக்குப் போக வேண்டும் என்பது பிஓவும் ஃபைனான்ஸும் எடுக்க வேண்டிய முடிவு, டெவலப்பர் ரிஃபாக்டரிங் நடுவில் சத்தமில்லாமல் எடுக்கிற முடிவு அல்ல.

நேரம் எப்படிக் கேட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். சில டீம்களில் ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் 20 சதவீதம் டெக் டெப்டுக்கு என்று ஒதுக்குவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ரிலீஸ் நெருங்கினால் முதலில் வெட்டப்படுவது அந்த 20 சதவீதம்தான், வெட்டுவதும் சுலபம், ஏனென்றால் அதன் பின்னால் குறிப்பிட்டு எதுவும் நிற்பதில்லை. ஃபீச்சர் எஸ்டிமேட்டை ஊதிப் பெரிதாக்கி அதற்குள் ஒளித்துச் செய்பவர்களும் உண்டு. ஒரு மெத்தடுக்குப் பேர் மாற்றுவது மாதிரிச் சின்ன வேலைக்கு அது சரி, வாரக் கணக்கில் போகும் வேலையை ஒளித்தால் ஒரு நாள் தெரிந்துவிடும், அதற்கு மேல் நம் எஸ்டிமேட் எதையும் பிஓ நம்பமாட்டார்.

நாங்கள் செய்தது, ரோட்மேப்பில் ஏற்கெனவே இருந்த தீபாவளி காம்போ ஆஃபரோடு இதைக் கட்டியது. இரண்டு எஸ்டிமேட் வைத்தோம். இருக்கிற கோடின் மேலேயே காம்போவைப் போட்டால் 13 பாயிண்ட். முதலில் பிரித்துவிட்டுப் போட்டால் பிரிக்க 8, காம்போ 5. கூட்டினால் ரெண்டும் ஒன்றுதான். அடுத்து பொங்கல் ஆஃபர் வரும்போதுதான் லாபம் ஆரம்பிக்கும், இந்தத் தீபாவளிக்கு நேரம் மிச்சமாகாது என்று சொல்லியே கொடுத்தோம். பிஓ கேட்டது ஒன்றே ஒன்று: "பிரிக்கற வேலை இழுத்துட்டுப் போனா காம்போ என்ன ஆகும்?" அதற்கு முதல் வார முடிவில் ஒரு செக் வைத்தோம். ஒப்பீட்டு ஓட்டம் அதற்குள் பச்சை ஆகவில்லை என்றால் பிரித்ததை மெர்ஜ் செய்யாமல் பழைய கோடிலேயே காம்போ போடுவோம் என்று எழுதியே கொடுத்தோம். அவர் ஒத்துக்கொண்டது இதற்குப் பிறகுதான்.

ஒப்பீட்டில் முதலில் கொஞ்சம் ஆர்டர்கள் ஒரு பைசா தள்ளி வந்தன. பழைய கோடில் ஒரே ஒரு இடத்தில் `BigDecimal` இல்லாமல் `double` இருந்தது, அதே ரவுண்டிங்கைப் புதிய கோடிலும் கொண்டுவந்த பிறகு பச்சை ஆனது. காம்போ சொன்ன தேதிக்குப் போனது. ரீஃபண்ட் திருத்தம் அதற்கடுத்த ஸ்பிரிண்டில் ஒரு பாயிண்டுக்கு முடிந்தது. கடைசிப் பொருளுக்கே மிச்சப் பைசா என்று ஃபைனான்ஸ் சொல்லிவிட்டார்கள்.

எல்லா டெப்டையும் இப்படி ஃபீச்சரோடு கட்ட முடியாது. ஸ்ப்ரிங் பூட் 2.7இலிருந்து 3க்குப் போவது எங்கள் பட்டியலில் இருந்தது. ஜாவா 17 வேண்டும், ஜாவா இஇ சார்ந்த `javax` இம்போர்ட்கள் `jakarta` ஆக வேண்டும், எந்த ஆஃபருக்கும் இதனால் நன்மை இல்லை. ஆனால் 2.7க்கு இலவச சப்போர்ட் 2023 நவம்பரோடு முடிந்தது, அதற்குப் பிறகு பாதுகாப்பு ஓட்டை வந்தால் காசு கொடுக்காமல் பேட்ச் கிடைக்காது. அதை மட்டும் சொன்னோம், பிஓ அதிகம் பேசாமலே இடம் கொடுத்தார். தேதி உள்ள விஷயம் அவர்களுக்குப் பழக்கமான மொழி.

மறுத்ததும் உண்டு. பழைய ரிப்போர்ட் மாட்யூலைத் திருப்பி எழுத வேண்டும் என்று டீமில் ஒருவர் ரொம்ப ஆசைப்பட்டார். பார்க்கச் சகிக்காத கோட்தான். ஆனால் முதலில் சொன்ன அதே கமாண்டை `head -20` இல்லாமல் ஓட்டிப் பார்த்தபோது அது ஆறு மாதத்தில் ஒரே ஒரு முறை வந்திருந்தது, பக் எதுவும் இல்லை. பிஓ வேண்டாம் என்றார், நானும் அவர் பக்கம்தான். `Won't Do` போட்டு மூடினோம்.

டெலிவரி கட்டணம் இன்னும் அந்தப் பழைய ஃபைலிலேயே இருக்கிறது. அதற்கும் டிக்கெட் இருக்கிறது, இப்போதைக்கு எடுக்கவில்லை. நேரத்துக்கு நேரம் கட்டணம் மாறுகிற ஃபீச்சர் ரோட்மேப்பில் வந்தால் இதை முதலில் எடுக்க வேண்டும் என்று விவரத்தில் எழுதி, அந்த எபிக்கோடு லிங்க் போட்டு வைத்திருக்கிறோம். அந்த வரியைச் சேர்க்கச் சொன்னது பிஓதான்.