ஆம்பியர் சரி, யூனிட் தப்பு

அம்பத்தூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் பிரஸ் ஷாப்புக்கும் ஃபர்னஸ் பகுதிக்கும் தனித்தனி மீட்டர் உண்டு. மாதாமாதம் மின் செலவை அந்த ரீடிங்கை வைத்துத்தான் பிரிப்பார்கள். ஒரு கோடையில் பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் என்னிடம் வந்தார். “சார், புது மீட்டர் ரூம் வந்ததிலிருந்து எங்க கணக்குல யூனிட் ஏறிக்கிட்டே இருக்கு. புது மெஷின் ஒண்ணும் போடல. கொஞ்சம் பாருங்க.”

முதலில், கேபிளைக் கவ்விக் கரண்ட் அளக்கும் டாங் டெஸ்டரை மாட்டிப் பார்த்தேன். ஃபீடரில் 140 ஆம்பியர், மீட்டரிலும் ஏறக்குறைய அதுவே. “மீட்டர் நல்லாத்தானே இருக்கு” என்று அனுப்பிவிட்டேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

அவர் விடவில்லை. ஒரு வாரம் கழித்து, ரெஃபரன்ஸ் மீட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து இரண்டு ஃபீடரிலும் வைத்துப் பார்த்தோம். பிரஸ் ஷாப் மீட்டர் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் கூடுதலாக ஓடியது. ஃபர்னஸ் மீட்டர் முக்கால் சதவீதம் குறைவாக ஓடியது. ஃபீடரின் பெரிய கரண்டை மீட்டருக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுக்கும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர், அதாவது சிடி, இரண்டிலும் ஒரே மாதிரிதான்: 200/5, கிளாஸ் 0.5, 5 விஏ. கேபிளும் ஒரே நீளம். ஒன்று கூடுகிறது, ஒன்று குறைகிறது என்றால் மீட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மீட்டர்கள் முன்பு பேனலிலேயே இருந்தன. ரீடிங் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று 20 மீட்டர் தள்ளி இருந்த அறைக்கு மாற்றியிருந்தார்கள். ஒவ்வொரு சிடிக்கும் போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர், 2.5 சதுர மி.மீ. தாமிரம். ஆக மொத்தம் 40 மீட்டர். (மூன்று சிடிக்கும் பொதுவாக ஒரே ரிட்டர்ன் போட்டிருந்தால், பேலன்ஸ் ஆன லோடில் இதில் பாதிதான் கணக்கு.) சிடி டெர்மினலில் வோல்ட்டேஜை அளந்தேன்: 3.5 ஆம்பியர் ஓடும்போது 1.25 வோல்ட். அதாவது 0.357 ஓம். 5 ஆம்பியருக்கு அது ஏறக்குறைய 9 விஏ. 5 விஏ சுமைக்கென்று செய்த சிடியின் தலையில் 9 விஏ சுமை, எங்கள் பாஷையில் பர்டன்! மீட்டர் எடுப்பது சொற்பம், மிச்சமெல்லாம் கேபிள்.

சிடி இந்த பர்டனைத் தள்ள செகண்டரியில் கூடுதல் வோல்ட்டேஜ் வேண்டும். அதற்குக் கோரில் கூடுதல் ஃப்ளக்ஸ், அதற்குக் கூடுதல் காந்தமாக்கும் கரண்ட். அது பிரைமரி கரண்டிலிருந்துதான் போகிறது. செகண்டரிக்கு வந்து சேராது. இங்கேதான் பர்டன் எப்படிப்பட்டது என்பதும் முக்கியமாகிறது. கேபிள் வெறும் ரெசிஸ்டன்ஸ். அதனால் செகண்டரி கரண்ட் வோல்ட்டேஜோடு ஒட்டிப்போகும். காந்தமாக்கும் கரண்டோ அதற்குச் செங்குத்தாக நிற்கும். செங்குத்தாகக் கழிந்தால் நீளம் அவ்வளவாகக் குறையாது, திசைதான் திரும்பும். கோரின் இழப்புக் கரண்ட் மட்டுமே அளவைக் குறைக்கும். ஆகவே விகிதப் பிழை சிறிதாகவும் கோணப் பிழை பெரிதாகவும் வந்தது. டாங் டெஸ்டருக்குக் கோணம் தெரியாது.

ஒரு சிடியைக் கழற்றி டெஸ்டிங் லேபில் கொடுத்தோம். கழற்றும் முன் ஃபீடரை ஆஃப் செய்தோம். லோடில் செகண்டரியைத் திறந்தால் உயிருக்கே ஆபத்தான வோல்ட்டேஜ் வரும். 5 விஏயில் விகிதப் பிழை −0.3%, கோணம் 22 மினிட், கிளாஸுக்குள் கச்சிதம். ரெசிஸ்டன்ஸ் பர்டனை 9 விஏ ஆக்கியதும் −0.7%, 55 மினிட். முழுக் கரண்டில் கிளாஸ் 0.5 தருவது அரை சதவீதமும் 30 மினிட்டும்தான்.

55 மினிட் என்பது 0.016 ரேடியன். செகண்டரி கரண்ட் அந்த அளவு முந்திப்போவதால், லேகிங் லோடில் வோல்ட்டேஜுக்கும் கரண்டுக்கும் இடையிலான கோணம் சுருங்கி, மீட்டர் கூடுதலாக எண்ணும். எவ்வளவு என்பதற்கு 0.016-ஐ வோல்ட்டேஜ்-கரண்ட் கோணத்தின் tan மதிப்பால் பெருக்கினால் போதும். பிரஸ் ஷாப்பில் மோட்டார்கள் பாதி நேரம் சும்மா சுற்றும், பவர் ஃபேக்டர் 0.6:

```
0.016 × 1.333 = +2.1%
+2.1% − 0.7% = +1.4%
```

ஃபர்னஸில் ஹீட்டர்கள், பவர் ஃபேக்டர் ஒன்றை ஒட்டி இருக்கும். அங்கே tan பூஜ்யம், −0.7% மட்டும் மிஞ்சும். ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்ததால், மெயின் மீட்டரோடு கூட்டிப் பார்த்தவர்களுக்கும் பெரிதாக எதுவும் உறுத்தவில்லை.

பர்ச்சேஸில் “15 விஏ சிடி வாங்கிடலாமே” என்றார்கள். கேபிள் அப்படியே இருந்தால் அதுவும் சரிதான். நான் மீட்டர்களைப் பேனலுக்கே திருப்பிக் கொண்டுவந்து, ரீடிங்கை அனுப்பும் RS-485 ஒயரை மட்டும் அந்த அறைக்கு இழுத்தேன். இப்போது பர்டன் 1.5 விஏ. கிளாஸ் உத்தரவாதம் சிடியில் குறித்திருக்கும் பர்டனின் கால் பங்கிலிருந்து முழுசு வரைதான். 15 விஏ சிடிக்குக் கீழ் எல்லை 3.75, அதில் 1.5 வைத்தால் மறுபக்கம் வெளியே போய்விடுவோம். இழப்பை ஈடுகட்டச் செகண்டரிச் சுற்றைக் கொஞ்சம் குறைத்துச் செய்த சிடியாக இருந்தால், லேசான பர்டனில் அது கூடுதலாகவே காட்டும். 5 விஏ சிடிக்கோ 1.25தான் எல்லை. மயிரிழையில் உள்ளே.

அடுத்த மாதம் கணக்கு வந்ததும் ஃபர்னஸ் இன்சார்ஜ் என் மேஜைக்கு வந்து நின்றார். “என்ன சார், எங்களுக்கு யூனிட் ஏறியிருக்கு?”