மீன் மணம் பகையான பத்துக் கிழமைகள்

எங்கள் வீடு பெரியகல்லாற்றில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. காலை ஏழு மணிக்கு மீன்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் வருவார். அந்தச் சத்தம் கேட்டாலே பசி வரும் பெண் நான். கர்ப்பமாகி ஆறாவது கிழமையில் ஒருநாள் அம்மா கீரிமீனைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் முற்றத்தில் நின்றேன். அவ்வளவு தூரத்திலிருந்து வந்த மணத்துக்கே ஓங்காளம் வந்து, வேலியைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தேன். அதற்கு முதல் நாள் இரவு அதே மீனில் வைத்த குழம்போடு புட்டு சாப்பிட்டிருந்தேன்.

அடுத்த இரண்டு நாளில் தேங்காய்ப்பால் கொதிக்கும் மணம், வெங்காயம் தாளிக்கும் மணம், இவர் பூசும் சவர்க்காரத்தின் மணம் எல்லாம் பகையாகிவிட்டன. பிளேன்டீ தொண்டையில் இறங்கவே இல்லை. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. “கொஞ்சமெண்டாலும் சாப்பிடு மனே” என்று அம்மா தட்டோடு பின்னால் வருவார். அந்தத் தட்டைப் பார்க்கவே பயமாக இருக்கும். ஒரு தனியார் மருத்துவரிடம் போனோம். அவர் பரிசோதிக்கவும் இல்லை. “எல்லாம் மனம்தான், தைரியமாக இருங்கள்” என்று அனுப்பிவிட்டார். அன்றிரவு முழுக்க என்னை நானே குற்றம் சொல்லிக்கொண்டு அழுதேன். இதை எழுதுவதற்குக் காரணமே அந்த இரவுதான்.

ஒன்பதாவது கிழமை நடுவில் ஒருநாள், காலையிலிருந்து மாலை வரை சலம் போகவில்லை. போனபோது கடுந்தேநீர் நிறத்தில் இருந்தது. எழுந்து நின்றால் கண் இருட்டியது. எங்கள் மிட்வைஃப் அக்கா வீட்டுக்கு வந்து கிளினிக் கார்டைப் பார்த்தார். பதிவு செய்த அன்று நிறை 52 கிலோ. அன்று நிறுத்தபோது 48.5. “ஐந்து வீதத்துக்கு மேல் குறைஞ்சா வீட்டில் வைத்திருக்கக் கூடாது. உங்களுக்கு 2.6 கிலோதான் எல்லை, அது எப்பவோ தாண்டிட்டுது” என்று அப்போதே ஆசுபத்திரிக்கு அனுப்பினார்.

வார்டில் சலத்தைச் சோதித்தார்கள், கீட்டோன் இருந்தது. சாப்பாடு இல்லாமல் உடம்பு தன் கொழுப்பை எரிக்கிறது என்பதன் அடையாளம் அது. பிறகு ஸ்கேன். இரட்டைக் கருவா, அல்லது பிள்ளை சரியாக உருவாகாமல் நச்சுக்கொடித் திசு மட்டும் பெருகி வளரும் நிலையா என்று பார்த்தார்கள். இரண்டிலும் சத்தி கடுமையாக வரலாமாம். என் வயிற்றில் ஒரே பிள்ளை, நல்ல துடிப்போடு. சேலைன் ஏற்றுவதற்கு முன் பி1 விற்றமின் ஊசி போட்டார்கள். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்குக் கேடு வரலாம் என்று தாதி சொன்னார். சத்திக்கு மருந்தும் தந்தார்கள்.

இரண்டாம் நாள் வார்டுக்கு வந்த பெண் மருத்துவரிடம், “டொக்டர், இது என் மனசா?” என்று கேட்டேன். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். “இல்லை தங்கச்சி, இது பிள்ளையின் பக்கத்திலிருந்து வருகிற ஒரு ஹோர்மோன்” என்றார்.

அவர் சொன்னதையும், அப்புறம் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். கர்ப்பப் பரிசோதனைக் குச்சியில் கோடு காட்டும் எச்.சி.ஜி ஹோர்மோன் 8 முதல் 10 கிழமைக்குள் உச்சத்துக்குப் போகிறது. சத்தியும் அப்போதுதான் உச்சம் என்பதால் நெடுங்காலம் பழி அதன்மேல்தான் இருந்தது. ஆனால் எச்.சி.ஜி ஒரே அளவு உள்ள இரண்டு பெண்களில் ஒருத்தி விழுந்து கிடப்பாள், மற்றவள் வயலுக்குப் போய் வருவாள். அதனால் அது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

2023 டிசம்பரில் வெளிவந்த ஆய்வு இந்த இடத்தைத்தான் பிடித்தது. அதை முன்னெடுத்தவர்களில் ஒருவர் மார்லீனா ஃபெஜோ. 1999இல் இதே கடுஞ்சத்தியால் தன் கருவை இழந்தவர் அவர். ஜி.டி.எஃப் 15 என்ற ஹோர்மோன் எல்லாருடைய உடம்பிலும் கொஞ்சம் இருக்கும். கர்ப்பத்தில் நச்சுக்கொடி, அதாவது பள்ளிக்கூடத்தில் சூல்வித்தகம் என்று படித்தோமே அது, இதைப் பெருமளவு சுரந்து தாயின் இரத்தத்தில் விடுகிறது. பின்மூளையில் ஒரு சிறிய இடம் இருக்கிறது. மூளையின் மற்றப் பகுதிகளுக்கு உள்ள தடுப்பு அதற்கு இல்லை. இரத்தத்தில் நஞ்சு இருக்கிறதா என்று மோப்பம் பிடித்து, இருந்தால் சத்தி எடுக்கவைப்பது அதன் வேலை. ஜி.டி.எஃப் 15 போய் ஒட்டுவது அங்கேதான்.

எனக்கு ஆறுதல் தந்த பகுதி இனித்தான். கர்ப்பத்துக்கு முன் யாருக்கு இந்த ஹோர்மோன் குறைவாக இருந்ததோ, அவருக்குத்தான் திடீர் உயர்வு அதிகம் தாக்குகிறது. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ள பெண்களுக்கு அது எப்போதும் கூடுதலாகவே இருக்கும். அவர்களிடம் கேட்டபோது சத்தி மிகக் குறைவாகவே இருந்ததாம். இந்த ஆய்வில் இலங்கை ஆய்வாளர்களும் சேர்ந்திருந்தார்கள். அந்தத் தகவலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

கர்ப்பத்தில் கூடும் இன்னொரு ஹோர்மோனான புரொஜெஸ்தரோன் வயிற்றுத் தசையைத் தளர்த்துவதால் சாப்பாடு மெதுவாக இறங்கி, ஏற்கெனவே உள்ள குமட்டலைக் கூட்டும். ஈஸ்ட்ரஜனும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

உணவு வெறுப்பை மட்டும் ஹோர்மோனை வைத்து முழுதாக விளக்க முடியாது. குமட்டும் நேரத்தில் வாயில் இருந்த ருசியையும் மூக்கில் இருந்த மணத்தையும் மூளை நஞ்சு என்று குறித்துவைத்துக்கொள்ளும். கெட்டுப்போன சாப்பாடு ஒருமுறை ஒத்துக்கொள்ளாவிட்டால் வருஷக்கணக்கில் அதைத் தொட மாட்டோமே, அதே வேலைதான். எங்கள் வீட்டில் தினமும் மீன். அதனால் மீன்தான் மாட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மாற்றியவை கொஞ்சம்தான். சூடான சாப்பாட்டிலிருந்து மணம் அதிகம் எழும்பும் என்பதால் ஆறினதையே சாப்பிட்டேன். எருமைத் தயிரும் சீனியும் வயிற்றில் நின்றன. கட்டிலை விட்டு எழுவதற்கு முன் இரண்டு கிரீம் கிராக்கர், அரை மணி கழித்துத்தான் தண்ணீர். இரும்புச்சத்துக் கலந்த விற்றமின் ஒன்றை நானாகவே வாங்கிக் குடித்துவந்தேன். மருத்துவர் அதை நிறுத்தினார், ஃபோலிக் அமிலத்தை மட்டும் விடவேண்டாம் என்றார். பி6 மாத்திரையும் தந்தார். அதனால் குமட்டல் குறைந்தது, சத்தி முழுதாக நிற்கவில்லை. அம்மா அடுப்பைப் பின் கொட்டிலுக்கு மாற்றினார். மருந்தளவுக்கு அதுவும் உதவியது.

பதின்மூன்றாம் கிழமையில் நாளுக்கு ஒரு முறையாகக் குறைந்தது. பதினாறில் நின்றது. பதினேழில் சொதியும் இடியப்பமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். தேங்காய்ப்பால் மணம் எனக்கு மறுபடி தேங்காய்ப்பால் மணமாகவே இருந்தது. மகளுக்கு இப்போது இரண்டு வயது, அவள் கீரிமீன் பொரியலுக்கு உயிரையே விடுவாள். முள் எடுத்துக் கொடுக்கிறேன். பிறகு இரண்டு முறை கை கழுவுகிறேன். கீரியை மட்டும் என்னால் இன்னும் வாயில் வைக்க முடியவில்லை.