குதிகால் வலி: முள்ளைக் காட்டிப் பயமுறுத்தினார்கள், பயிற்சியைச் சொல்லவில்லை

குதிகால் வலிக்கு என்று முதலில் போன இடத்தில் டாக்டர் என் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேராக எக்ஸ்ரேக்கு அனுப்பினார். படத்தில் குதிகால் எலும்பிலிருந்து சின்னதாக ஒரு முள் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. "எலும்பு வளர்ந்திருக்கு, அதுதான் குத்துது. ஊசி போட்டுப் பார்ப்போம், கேட்கலைன்னா ஆபரேஷன்" என்றார். அந்தப் பயத்திலேயே பல வாரங்கள் போயின. இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது. வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு எக்ஸ்ரே எடுத்தால் இதே முள் தெரியும். வலி முழுதாகப் போன பிறகும் அது அங்கேயேதான் இருக்கும். முள்ளைப் பார்த்து ஆபரேஷனைப் பற்றி யாராவது பேசினால் உடனே கலங்கிவிடாதீர்கள்.

அடுத்துப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் கேட்டது ஒரே கேள்வி: "எப்போது அதிகமாக வலிக்கிறது?" காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில், அப்புறம் நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போது என்றேன். கட்டைவிரலால் குதிகாலின் அடியில், உள்பக்கமாக, முன் ஓரத்தில் அழுத்தினார். உயிர் போனது. "பிளான்டார் ஃபேசியைட்டிஸ்" என்றார். குதிகாலிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஓடும் தடித்த பட்டையில் வரும் கோளாறு அது. எலும்போடு சேரும் இடத்தில் அந்தப் பட்டை நைந்துபோயிருக்கிறது. தூங்கும்போது பாதம் கீழ்நோக்கித் தொங்குவதால் பட்டை சுருங்கியே கிடக்கிறது. எழுந்ததும் உடல் எடை முழுவதும் விழ, ஒரே இழுப்பாக இழுபடுகிறது. நாலு அடி நடந்தால் வலி குறைவதும், நாள் முழுக்க நின்றால் மாலையில் திரும்புவதும் இதனால்தான்.

எனக்கு உண்மையில் உதவியது அவர் சொல்லிக்கொடுத்த நீட்டல் பயிற்சிதான். அதை முதல் அடி வைப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். கட்டிலில் உட்கார்ந்தபடி, வலிக்கும் காலை மற்ற தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். விரல்களின் அடிப்பகுதியைப் பிடித்து முழங்காலை நோக்கி மேலே இழுங்கள். மற்றக் கையால் பாதத்தின் அடியைத் தடவினால் பட்டை கம்பிபோல் விறைத்திருப்பது தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் இழுத்தது போதவில்லை. 10 விநாடி பிடித்து விடுவது, இப்படி 10 தடவை, ஒரு நாளில் மூன்று வேளை. பகலில், நெடுநேரம் உட்கார்ந்த பிறகு எழும் முன் செய்தால் நல்ல பலன் தெரிகிறது.

கெண்டைக்கால் இறுக்கமாக இருந்தால் பட்டையின் மேல் இழுவிசை கூடும். அதனால் சுவரில் கையூன்றி, வலிக்கும் காலைப் பின்னே வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னே சாய்வதும் உண்டு. முழங்காலை நீட்டி 30 விநாடி, லேசாக மடக்கி 30 விநாடி. மடக்கிச் செய்வதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் தசைக்கு அதுதான் எட்டும்.

செருப்பு விஷயத்திலும் தவறான யோசனைகள்தான் முதலில் காதில் விழுந்தன. "மெத்துமெத்தென்று வாங்கு" என்றார்கள். அமுக்கினால் அப்படியே பள்ளமாகும் செருப்பு பாதத்தைத் தாங்குவதில்லை. கடையிலேயே இரண்டு முனையையும் பிடித்து மடக்கிப் பாருங்கள்: விரல் பக்கம் மட்டும் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் வேண்டாம். குதிகால் பக்கம் கொஞ்சம் உயர்ந்தும், பாத வளைவுக்குத் தாங்கல் இருந்தும் இருந்தால் நல்லது. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு கடினமான தரையில் நடக்காதீர்கள். கட்டிலுக்குக் கீழேயே செருப்பு இருக்கட்டும்.

குணமாகும் காலத்தைப் பற்றி முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் இத்தனை மனஉளைச்சல் இருந்திருக்காது. இது வாரங்களில் போகிற வலி இல்லை, மாதங்கள் ஆகும். ஆபரேஷன் இல்லாமலேயே பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடுகிறது. முன்னேற்றத்தை மாலை வலியை வைத்துக் கணக்கிட வேண்டாம், அன்றன்று எவ்வளவு நின்றோம் என்பதைப் பொறுத்து அது ஏறி இறங்கும். காலை முதல் அடியின் வலி போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அது முதலில் "பல்லைக் கடித்து" என்பதிலிருந்து "உறுத்தல்" ஆனது, பிறகு சில காலைகளில் காணாமல் போனது.

ஸ்டீராய்டு ஊசியை நான் தவிர்த்துவிட்டேன். சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும்தான். ஆனால் பட்டை கிழியவும், குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலியவும் வாய்ப்பிருக்கிறது, திரும்பத் திரும்பப் போட்டால் இன்னும் கூடுதலாக. நீட்டலையும் செருப்பையும் சில மாதம் ஒழுங்காகப் பார்க்காமல் ஊசிக்குப் போக வேண்டியதில்லை என்பது என் முடிவு.

எல்லாக் குதிகால் வலியும் இதுவே அல்ல. குதிகாலை இரண்டு பக்கமும் சேர்த்து அமுக்கினால் வலித்தால் எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம். மரத்துப்போதலோ எரிச்சலோ இருந்தால் நரம்பாக இருக்கலாம். இரு குதிகாலும் வலித்து, காலையில் முதுகும் நெடுநேரம் இறுகியிருந்தால் மூட்டுவாத நோயா என்று பார்க்க வேண்டும். இவை இருந்தால், காலைத் தொட்டுப் பார்க்கிற டாக்டரிடம் போங்கள்.